நான்கு புட்டிகளும் ஒரு முழங்காலும்

வலது முழங்கால் தேய்மானத்துக்காக நான் தினமும் விழுங்கியவை நான்கு: குளுக்கோசமைன், கால்சியம், வைட்டமின் டி, மஞ்சள் சத்து. நான்கையும் ஒரே வாரத்தில் தொடங்கியதுதான் முதல் தவறு. மூன்று மாதத்தில் வலி குறைந்தது. எது குறைத்தது என்றுதான் தெரியவில்லை.

மருத்துவரின் மேசையில் புட்டிகளைப் பரப்பினேன். அவர் முதலில் கால்சியத்தை ஓரமாக நகர்த்தினார். "இது எலும்புக்கானது. உங்களுக்குத் தேய்ந்திருப்பது எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. சாப்பாட்டிலேயே போதுமான கால்சியம் கிடைக்கும்போது இது எதற்கு?" அதை நிறுத்தியதும் மலச்சிக்கலும் போயிற்று.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 12 நானோகிராம் என்று வந்தது, குறைவுதான். பற்றாக்குறை கடுமையானால் எலும்பும் தசையும் வலிக்கும் என்பதால் அதைத் தொடரச் சொன்னார். "ஆனால் முழங்காலை மனதில் வைத்து வேண்டாம்" என்றார். வைட்டமின் டி குறைவாக இருந்த மூட்டுத் தேய்மான நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகள் அதைக் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில் (2016), வலி மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படி குறையவில்லையாம்.

எனக்கு மனம் வராதது குளுக்கோசமைனை விடத்தான். அதைப் பற்றிய பெரிய அமெரிக்க ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஏறக்குறைய 1,600 பேர், 24 வாரம், தினம் 1,500 மில்லிகிராம். வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தவர்கள் 64 சதவீதம். போலி மாத்திரை சாப்பிட்டவர்களில்? 60 சதவீதம்! அந்த அறுபதுதான் என்னை உறுத்தியது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மாத்திரையைத் தேடுகிறோம். உச்சம் தானாகவே இறங்கும், பெயர் மாத்திரைக்குப் போகும். அந்த ஆய்வில் தந்தது ஹைட்ரோகுளோரைடு வகை. சல்பேட் வகை மேல் என்ற வாதம் உண்டு. ஆனால் சாதகமான முடிவுகளில் பல, விற்கும் நிறுவனத்தின் உதவியோடு நடந்தவை.

ஆகவே மற்றவற்றை மாற்றாமல் குளுக்கோசமைனை மட்டும் 12 வாரம் நிறுத்தினேன். மெதுவாக வேலை செய்வதாகச் சொல்லப்படுவதால் அவ்வளவு நாள். தினமும் மாலையில் அதே படிகளில் இறங்கி, வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று நோட்டில் எழுதினேன். முன்பு சராசரி 4, பின்பும் 4. புட்டி குப்பைக்குப் போனது.

மஞ்சள் சத்தை நிறுத்தியபோது சராசரி 5 ஆயிற்று. மறுபடி தொடங்கியதும் 4. எழுபது பேரை வைத்து 12 வாரம் நடந்த ஒரு ஆய்வும் (2020) வலி ஓரளவு குறைவதாகச் சொன்னது. குருத்தெலும்பில் மாற்றம் இல்லை. ஆனால் ஆய்வில் இருந்தவர்களுக்குத் தாங்கள் விழுங்குவது எது என்று தெரியாது, எனக்குத் தெரியும். அந்த ஒரு புள்ளியில் நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்பதை என் நோட்டு காட்டாது.

உறிஞ்சலைக் கூட்ட மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிக்கப்பட்டிருக்கிறது. என் புட்டியும் அந்த வகைதான். சிறுநீர் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ உடனே நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அடுத்த மாதம் கல்லீரல் பரிசோதனை.