ஒன்றரை நிமிடப் பயிற்சி

நான் இயன்முறை மருத்துவர். முழங்கால் மூட்டுத் தேய்மானத்தோடு வருகிறவர்களுக்குக் கிளினிக்கில் நாங்கள் செய்வது கொஞ்சம்தான். பெரும்பகுதி அவர்கள் வீட்டில் செய்யும் பயிற்சியில் இருக்கிறது. அதனால் தினமும் இரவு 8.30 மணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவேன்: "இன்று பயிற்சி செய்தீர்களா?" முதல் வாரம் பதில்கள் உடனுக்குடன் வரும். மூன்றாம் வாரத்தில் பலர் மௌனமாகிவிடுவார்கள். அக்கறை போய்விட்டது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு கணக்கு அலுவலர், 50 வயதைத் தாண்டிய பெண்மணி. அவருக்கு நாளொன்றுக்கு 25 நிமிடப் பயிற்சி கொடுத்திருந்தேன். படுத்தபடி காலை மடக்காமல் தூக்குவது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம் வந்ததும் பதில் நின்றுபோனது. அடுத்த முறை வந்தபோது கேட்டேன்.

"'இல்லை' என்று எத்தனை நாள்தான் எழுதுவது, டாக்டர்? மூன்று நாள் எழுதினேன். நான்காம் நாள் உங்கள் செய்தியைத் திறக்கவே கூச்சமாக இருந்தது" என்றார்.

என் கேள்வியில் களைத்த நாளுக்கு இடமே வைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உண்மையில் ஒரு நாள் தவறுவது பெரிய விஷயமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்து 2010இல் அச்சான ஆய்வு, இடையில் ஒருமுறை விட்டுப்போவதால் பழக்கம் படிவது குறிப்பிடும்படி பாதிக்கப்படுவதில்லை என்று சொல்கிறது. என் நோயாளிகளை அதிகம் பாதித்தது தவறிய நாளுக்குப் பின் வந்த மௌனம். பதில் நின்ற சில நாட்களில் பயிற்சியும் நின்றுவிடும்.

களைத்த நாளுக்கென்று ஒரு சிறு வடிவம் வேண்டும் என்று முடிவு செய்து, முதலில் தவறாகத்தான் தொடங்கினேன். "முடியாத நாளில் பாயை விரித்துப் படுத்தால் போதும்" என்றேன். இரண்டு நாள் "ஆம்" என்று எழுதினார். மூன்றாம் நாள், "பாயை விரித்ததற்கு 'ஆம்' என்று எழுதுவது பொய் சொல்வதுபோல் இருக்கிறது" என்று வந்தது. அவர் சொன்னது சரி. அந்த "ஆம்" என்ற பதிலில் அவருக்கும் எனக்கும் தெரிந்துகொள்ள எதுவுமில்லை.

பிறகு, முழுப் பயிற்சியிலிருந்தே ஒரு சிறு பகுதியை வெட்டி எடுத்தேன். படுக்கையில் கால்களை நீட்டி உட்கார வேண்டும். ஒரு முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்துவதுபோல் தொடையின் முன்தசையை 5 விநாடி இறுக்கித் தளர்த்த வேண்டும். காலுக்கு 5 முறை. இரண்டு காலுக்கும் சேர்த்து ஒன்றரை நிமிடம். காலைத் தூக்கும் பயிற்சி தொடங்குவதே இந்த இறுக்கத்தில்தான், வேலை செய்வதும் அதே தசைதான். முழங்கால் சில்லின் மேல் விரலை வைத்தால், தசை இறுகும்போது சில்லு மேல்நோக்கி நகர்வது தெரியும்.

கேள்வியையும் மாற்றினேன். "இன்று முழுப் பயிற்சியா, சிறியதா, ஓய்வா? சில்லு இரண்டு காலிலும் நகர்ந்ததா?"

முதல் வாரத்திலேயே ஒரு பதில்: "சிறியது. வலது சில்லு அவ்வளவாக நகரவில்லை." மூட்டில் நீர் கோத்தால் தொடைத் தசை முழு வலுவோடு இறுகாது. வீக்கம் உண்டா என்று கேட்டேன். இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வலது முழங்கால் சற்றுப் பருத்திருக்கிறது என்றார். நாற்காலிப் பயிற்சியை நிறுத்தி, மறுநாளே வரச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்தில் கிடைத்த இந்தச் செய்தியை எத்தனை "ஆம், இல்லை" சேர்ந்தாலும் தந்திருக்காது. தன் பதிலை ஒருவர் படித்து ஏதோ செய்கிறார் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

சிறு வடிவத்தைத் தெம்பாக இருக்கும் நாளிலேயே பேசி எழுதி வைத்துவிடுகிறேன். களைத்த இரவில் எதைக் குறைப்பது என்று யோசிக்கச் சொன்னால் அந்த யோசனையே பாரமாகிவிடும். தெம்பு மிச்சமிருந்தால் கூடுதலாகச் செய்யலாம். ஆனால் அடுத்த நாளும் எல்லை அதே 5 முறைதான். காய்ச்சலோ கடும் வலியோ இருந்தால் "ஓய்வு" என்பதே சரியான பதில். சிறியதால் தசை வலுப்பெறும் என்று யாரிடமும் சொல்வதில்லை; அது அன்றைய பயிற்சியின் இடத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவே. அதனால் இரண்டு வாரம் தொடர்ந்து பாதிக்கு மேல் "சிறியது" என்றே வந்தால், முழுப் பயிற்சியை நான் பெரிதாகக் கொடுத்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்கிறேன். வீக்கம் வடிந்த பிறகும் அவருக்கு அப்படித்தான் வந்தது. 25 நிமிடத்தை 12 ஆகக் குறைத்தோம்.

கணக்கு முடிக்கும் கடைசி நாளன்று இரவு 11 மணிக்கு மேல் அவர் பதில் வந்தது: "இப்போதுதான் வீடு வந்தேன். சிறியது. இடது 5, வலது 5. இரண்டு சில்லும் நகர்ந்தன."