பெரிய பேரு, சின்ன ஆபிஸ்: கடைசி செமஸ்டர் பயிற்சி பத்தி

அக்கவுண்டிங் படிக்கிற பிள்ளைங்க கடைசி செமஸ்டர்ல லத்திஹான் இண்டஸ்ட்ரி போற நேரம் வந்தாலே இந்த கேள்வி வரும். ஊருக்கே பேரு தெரிஞ்ச ஆடிட் கம்பெனி ஒண்ணு எடுத்துக்கிறேன்னு சொல்லுது ஆனா அலவன்ஸ் கிடையாது, பிரிக்ஃபீல்ட்ஸ்ல கடைவீட்டு மாடியில இருக்கிற சின்ன அக்கவுண்டிங் ஆபிஸ் மாசம் ஆயிரத்து இருநூறு வெள்ளி தரேங்குது, எதுக்கு போறதுன்னு. நானும் என் ரூம்மேட்டும் ஒரே செமஸ்டர்ல இந்த ரெண்டு பக்கமும் போனோம், அவ பெரிய இடத்துக்கு, நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு. ராத்திரி ரூமுக்கு வந்து ரெண்டு பேரும் லாக்புக் எழுதறப்பதான் வித்தியாசம் நல்லா தெரிஞ்சுச்சு.

முதல்ல காசு விஷயம். கேஎல்ல ஷேரிங் ரூம் நானூறு வெள்ளி, மை50 பாஸ் அம்பது வெள்ளி (எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேபிட் பஸ் எல்லாம் ஓடும், கேடிஎம்முக்கு செல்லாது), மத்தியானம் சாப்பாடு பத்து வெள்ளின்னு வச்சாலும் மாசம் இருநூத்தி இருபது, அதோட ராத்திரி சாப்பாடு, போன், ஆபிஸ் துணிமணின்னு சேர்த்தா ஆயிரத்துக்கு கீழ வராது. பயிற்சிக்கு போனாலும் அது ஒரு பாடமா பதிவாகுறதால யூனிவர்சிட்டி ஃபீஸும் கட்டணும். பிடிபிடிஎன் காசு அதுக்கே போயிடும். என் ரூம்மேட்டோட அப்பா சுங்கை சிப்புட்ல லாரி ஓட்டறவரு, அவரு அனுப்புற காசு பத்தாம அவ சனி ஞாயிறு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு துணிக்கடையில நின்னா. திங்கக்கிழமை காலைல அவ எழும்புறத பார்த்தா எனக்கே மனசு கஷ்டமா இருக்கும். அலவன்ஸ் இல்லாத இடம்னா அந்த காசை யாரோ ஒருத்தர் வீட்ல இருந்து கட்டித்தான் ஆகணும், அந்த யாரோ பெரும்பாலும் ஏற்கனவே கஷ்டப்படற அப்பா அம்மாதான்.

ஆனா காசை மட்டும் வச்சு நான் சின்ன ஆபிஸ் பக்கம் பேசல. அங்க என் கைக்கு வந்த வேலை அப்படி. ஒரு சாப்பாட்டுக் கடை கிளையண்ட், அவங்க கணக்கை மாசாமாசம் பேங்க் ஸ்டேட்மெண்டோட ஒத்துப் பார்க்கிற வேலைய என்கிட்ட குடுத்தாங்க. கடையில வந்து சாப்பிடற காசு ஒரு பக்கம், டெலிவரி ஆப் வழியா வர்ற காசு இன்னொரு பக்கம். ஆப்காரங்க கமிஷன் கழிச்சுட்டுத்தான் பேங்குல போடுவாங்க, நூறு வெள்ளி சாப்பாடு வித்தா எழுபது வெள்ளிதான் உள்ள வரும். முன்ன கணக்கு எழுதினவரு பேங்குல வந்த எழுபதையே விற்பனைன்னு எழுதி வச்சிருந்தாரு, பேங்க் பேலன்ஸ் ஒரு காசு பிசகாம ஒத்துப் போகுது, அதனால யாருக்கும் சந்தேகமே வரல. எங்க சீனியர் அக்காதான் ஆப்போட மாசாந்திர ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்து குடுத்து, "பேங்க் ஒத்துப் போனா கணக்கு சரின்னு அர்த்தம் இல்லம்மா, இதையும் வச்சு பாரு"ன்னு சொன்னாங்க. உக்காந்து பிரிச்சேன். விற்பனைன்னா நூறையும் எழுதணும், முப்பதை கமிஷன் செலவா தனியா எழுதணும்.

லாபம் ரெண்டு வழியிலயும் ஒண்ணுதானே, அப்புறம் என்னன்னு தோணும். அங்கதான் சர்வீஸ் டேக்ஸ் வருது. சாப்பாட்டுக் கடைக்கு பன்னண்டு மாச விற்பனை 1.5 மில்லியன் வெள்ளிய தாண்டினா கஸ்டம்ஸ்ல பதியணும், தாண்டின மாசத்துக்கு அடுத்த மாச கடைசிக்குள்ள விண்ணப்பம் போடணும், அப்புறம் 6% வசூலிச்சு கட்டணும். நம்பரை ரவுண்டா வச்சு சொல்றேன்: கடையில 850,000, ஆப்ல 700,000, மொத்தம் 1.55 மில்லியன். ஆனா ஆப்ல இருந்து பேங்குக்கு வந்தது 490,000 மட்டும், அப்ப பழைய கணக்குல 1.34 மில்லியன்தான் தெரியும், எல்லைக்கு கீழ நிம்மதியா இருக்கிற மாதிரி. லேட்டா கண்டுபிடிச்சா பழைய வாடிக்கையாளர்கிட்ட போயி அந்த 6% கேட்க முடியாது, முதலாளி சொந்த பாக்கெட்ல இருந்துதான் கட்டணும், மேல அபராதம் வேற. இதை பாடப்புத்தகத்துல படிக்கிறதும், ஒரு மனுஷனோட கடைக்கு இப்படி ஆகப்போகுதுன்னு நம்ம கையாலயே கண்டுபிடிக்கிறதும் ஒண்ணு இல்ல. பின்னாடி வேலைக்கு இண்டர்வியூ போனப்ப இந்த ஒரு கடைய பத்தியே ரொம்ப நேரம் கேட்டாங்க.

அதே நேரத்துல என் ரூம்மேட் லாக்புக்ல இருந்தது ஃபைல் ஸ்கேன் பண்றது, எக்செல்ல நம்பர் தட்டறது, ஸ்லைடு அழகு பண்றது. அவ கெட்டிக்காரி, குறை அவகிட்ட இல்ல. அவ பயிற்சிக்கு போன நேரம் அப்படி. நம்ம ஊர்ல நிறைய கம்பெனிக்கு டிசம்பர்ல கணக்கு முடியும், ஆடிட் வேலை ஜனவரில இருந்து ஏப்ரல் வரை நெருக்கும், அப்ப போற பயிற்சியாளரை டீமோட கிளையண்ட் இடத்துக்கே கூட்டிட்டு போவாங்க, ஏன்னா ஆள் பத்தாது. ஜூலைக்கு மேல போனா அந்த வேலை முக்காவாசி முடிஞ்சிருக்கும். இதை போறதுக்கு முன்னாடி யாரும் அவளுக்கு சொல்லல. இருந்தும் அவளுக்கு கிடைச்ச ஒண்ணு எனக்கு கிடைக்கல, அங்க ஒரு வேலைய முடிச்சா மேல உள்ளவங்க வரிக்கு வரி கேள்வி எழுதி திருப்பி அனுப்புவாங்க, ஒவ்வொரு நம்பருக்கும் ஆதாரம் எந்த பக்கத்துல இருக்குன்னு குறிச்சு வைக்கிற பழக்கம் அவளுக்கு வந்துடுச்சு. அந்த பேரும் ரெஸ்யூமேய தூக்கி விட்டுச்சு, பெரிய கம்பெனிங்க அவளை சீக்கிரமே கூப்பிட்டாங்க, அதை இல்லேன்னு சொல்லக் கூடாது.

சின்ன ஆபிஸ் எல்லாமே நல்லதுன்னும் இல்ல. எனக்கு அந்த அக்கா இருந்தாங்க. அவங்க இல்லாம பாஸ் மட்டும் வெளிய கிளையண்ட் கிளையண்டா ஓடிட்டு இருந்தா, நான் அந்த எழுபதையே விற்பனைன்னு எழுத கத்துக்கிட்டு வந்திருப்பேன். அதனால இப்ப என் தங்கச்சி முறையில ஒருத்தி கேட்டப்ப, சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி என் வேலைய யாரு செக் பண்ணுவாங்க, அவங்க தினமும் ஆபிஸ்ல இருப்பாங்களா, போன பயிற்சியாளர் கடைசி மாசம் என்ன வேலை பண்ணாருன்னு கேளுன்னேன். பதில் மழுப்பலா வந்தா அது பெரிய இடமா இருந்தாலும் சின்ன இடமா இருந்தாலும் யோசிக்கணும்.

அப்புறம் கடிதம். பயிற்சிக் கடிதம்னா வர்றது அலவன்ஸ், வேலை ஒப்பந்தம்னா வர்றது சம்பளம், அதுக்கு இபிஎஃப் பிடிக்கணும், உன் பங்கு 11%, முதலாளி 13%, 2025 ஆகஸ்ட்ல இருந்து எல்லா முதலாளிக்கும் குறைஞ்ச சம்பளம் மாசம் 1,700. சில சின்ன ஆபிஸ் ரெண்டையும் கலந்து, வேலை முழுநேர ஆள் மாதிரி வாங்கிட்டு கடிதத்துல பயிற்சின்னு போடும், அதனால கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வாசிக்கணும். அந்த கடிதத்தை ஃபேகல்ட்டிக்கு அனுப்பி இந்த ஆபிஸை ஏத்துக்குவாங்களா, அங்க சூப்பர்வைசரா கையெழுத்து போடறவரோட தகுதி போதுமான்னு எழுத்துல பதில் வாங்கின பிறகுதான் பெரிய இடத்துக்கு வேண்டாம்னு சொல்லணும். தங்கச்சிக்கு அந்த பதில் இன்னும் வரல, பெரிய கம்பெனி வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கேட்குது, நாளைக்கு காலைல ஃபேகல்ட்டி ஆபிஸுக்கு நேரா போய் நிக்க சொல்லியிருக்கேன்.