எஃப்பா, எஸ்ஸா?

நேத்து ராத்திரி எட்டு மணி ஆன்லைன் எக்செல் வகுப்பு. நம்ம பேங்க் பெரியவர் மூணாவது தடவையா கேட்டார்: "மேடம், எஸ் ஏழுல ஒண்ணுமே இல்லையே. எதைக் கூட்டச் சொல்றீங்க?"

நான் சொன்னது எஃப் ஏழு. திரையில F7 கட்டத்தைச் சுத்திப் பச்சைக் கோடு வேற போட்டு வச்சிருக்கேன். ஆனா அவர் என் திரையைப் பாக்கவே மாட்டார். அதை மறைச்சு அவரோட ஷீட்டைத் திறந்து வச்சுக்கிட்டு, வானொலிச் செய்தி கேக்குற மாதிரி என் குரலை மட்டும் கேட்டுத் தட்டுவார்.

"எஃப் சார், எஃப்."

"அதான் மேடம், எஸ்."

கடைசியில ஏ, பி, சி, டின்னு முதல்ல இருந்து ஒப்பிச்சு, ஈ முடிஞ்சதும் நிறுத்தி, "இதுக்கு அடுத்தது சார்"னு சொன்னேன். பதினொரு பேர் கேட்டுக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேர் சிரிச்சது மைக்ல நல்லாவே விழுந்துச்சு. அவங்க மைக் எல்லாம் நல்ல மைக் போல.

குற்றவாளி யாருன்னு எனக்கு அப்பவே சந்தேகம்தான். ஆனா வெளியில சொல்ல முடியாது. கல்யாண நாளுக்கு இவர் வாங்கிக் குடுத்த இயர்பட்ஸ். பத்து வருஷத்துல இவரா யோசிச்சு, நான் லிஸ்ட் குடுக்காம வாங்கின முதல் பொருள். "இனிமே உன் வகுப்பு டிவி மாதிரி இருக்கும்"னு சொல்லித்தான் குடுத்தார். டிவி மாதிரிதான் இருக்கு. பக்கத்து வீட்டு டிவி, சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து கேட்டா எப்படி இருக்குமோ அப்படி.

வகுப்பு முடிஞ்சதும் கதவைச் சாத்திக்கிட்டுத் தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஆறுதல் சொல்ற ஜாதி இல்லை. நேரா பரீட்சை வச்சான். "அக்கா, இயர்பட்ஸ்ல ஒரு பாட்டை ஓட விடு. அது ஓடும்போதே மீட்டிங்கைத் திற."

திறந்தேன். நல்லா ரெண்டு காதுலயும் விரிஞ்சு பாடிக்கிட்டிருந்த பாட்டு, மைக் ஆன் ஆன அந்த நொடி சுருங்கி, தகர டப்பாவுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு. மீட்டிங்கை மூடினா பாட்டு திரும்ப வெளியில வந்துடுச்சு.

"பாத்தியா? பாட்டு கேக்குறப்போ ப்ளூடூத்துக்கு ஒரு வழிப் பாதை. பாதை முழுக்க உனக்கே. மைக்கையும் சேர்த்துக் கேட்டா அது போன் பேசுற பாதைக்கு மாறிடும். போறதுக்கும் வர்றதுக்கும் அந்த ஒரே சந்துதான்."

அந்தச் சந்து எவ்வளவு குறுகல்னா, பழைய முறையில குரலை நொடிக்கு 8,000 தடவைதான் அளந்து அனுப்புமாம். கொஞ்சம் புதுசுல 16,000. சாதாரண ரெக்கார்டிங்ல அது 48,000. 8,000 தடவை அளந்தா, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்கிற சத்தம் எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேராது. 'ஸ்'ஸுங்கிற சீறலோட உயிரே அதுக்கு மேலதான் இருக்கு. பொம்பளைங்க குரல்ல இன்னும் மேல. அதை வெட்டி எடுத்துட்டா எஸ்ஸும் எஃப்பும் ஒரே மாதிரி, 'எ'வுக்குப் பின்னாடி லேசா ஒரு காத்து. பாவம் பெரியவர், காது டாக்டர்கிட்ட போகலாமான்னு வேற போன வாரம் கேட்டிருந்தார். நானும் "ஒரு தடவை பாத்துடுங்க சார்"னு சொல்லியிருந்தேன். அதை நினைச்சா இன்னும் கூச்சமா இருக்கு.

"அப்ப இதைக் கழட்டி வச்சுடவா?"ன்னு கேட்டேன். மனசுக்குள்ள இவர் முகம் வந்து போச்சு.

"எதுக்கு? காதுக்கு அதையே வச்சுக்கோ. வாய்க்கு வேற பாரு."

இந்த ஒரு வரிக்கே அவனுக்குக் கோயில் கட்டலாம். பரிசும் காதுல இருக்கும், குடும்பமும் நிலைக்கும். விண்டோஸ்ல சவுண்ட் செட்டிங்ஸ் போய் Output-ல இயர்பட்ஸ், Input-ல லேப்டாப்போட மைக். அவ்வளவுதான். செஞ்சேன். பாட்டு அப்பவும் தகர டப்பாலதான். இன்னும் அரை மணி நேரம் போச்சு. மீட்டிங் ஆப் தனக்குன்னு ஒரு மைக் லிஸ்ட் வச்சிருக்கு, அதுல இன்னும் இயர்பட்ஸ்தான் இருந்துச்சு. மாத்தினேன். அப்பவும் டப்பா. கடைசியில பாத்தா, ஞாயித்துக்கிழமை லைவ் ஓட்டத் திறந்த ஓபிஎஸ் ஆப் பின்னாடி மூடாமலே கிடக்கு. அதுல மைக் Default-னு இருந்துச்சு. இயர்பட்ஸ் இணைஞ்சதும் அதுதான் டிஃபால்ட்டா வந்து உக்காந்திருக்கு. ஒரே ஒரு ஆப் அந்த மைக்கைப் பிடிச்சிருந்தாலும் போதும், எல்லாருக்கும் சந்துதான். ஓபிஎஸ்ஸோட Mic/Auxiliary Audio-ல பேர் சொல்லி லேப்டாப் மைக்கைத் தேர்ந்தெடுத்த அப்புறம்தான் பாட்டு விரிஞ்சுச்சு.

ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து, "எஃப் ஏழு, எஸ் ஏழு, எஃப் ஏழு"ன்னு பதிவு பண்ணிக் கேட்டேன். லேப்டாப் மைக்ல எஸ் எஸ்ஸா கேட்டுச்சு. கூடவே கீபோர்டு குதிரைப் படை மாதிரி கேட்டுச்சு, லேப்டாப் விசிறி கேட்டுச்சு, நாலு சுவரும் திருப்பிப் பேசுச்சு. முகத்துக்கும் அதுக்கும் முக்கால் கை தூரம். தூரம் ரெண்டு மடங்கானா போய்ச் சேர்ற குரலோட வலு கால்வாசி ஆயிடும், அறைச் சத்தமோ அப்படியே இருக்கும்.

அப்புறம் மேசை டிராயர்ல இருந்து அந்தப் பழைய வயர் இயர்போனை எடுத்தேன். சின்னவ போன்ல வந்தது, முடிச்சு அவிழ்க்கவே பத்து நிமிஷம். பின்ல மூணு கறுப்பு வளையம் இருந்தா அதுல மைக் உண்டு, ரெண்டுதான்னா வெறும் காதுக்குத்தான்னு தம்பி சொல்லியிருந்தான். எண்ணிப் பாத்தேன், மூணு. சொருகினதும் விண்டோஸ் காதையும் சேர்த்து அதுக்கே மாத்திடுச்சு, திரும்ப இயர்பட்ஸுக்கு இழுத்து வச்சேன். முதல் பதிவுல சங்கிலி உரசி உரசி ஆணியால தகரத்தைக் கீறுற சத்தம். துணி கிளிப்பை எடுத்து, வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்துல, சங்கிலி படாம காலர்ல மாட்டினேன். எஸ், எஸ்! எஃப், எஃப்! நடுராத்திரியில கை தட்டணும் போல இருந்துச்சு.

யூஎஸ்பி மைக் ஒண்ணு வாங்கி வாய்க்கு ஒரு சாண் தூரத்துல, நேரா ஊதாம கொஞ்சம் ஒதுக்கி வச்சா இதைவிட நல்லா இருக்குமாம். இருக்கட்டும். அதை இவரா யோசிச்சு வாங்க இன்னும் பத்து வருஷம் ஆகும்.

இன்னைக்கு வகுப்பு. காதுல இயர்பட்ஸ், கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாதிரி அந்த வயர், காலர்ல துணி கிளிப். "எஃப் ஏழு"ன்னேன். பெரியவர் ஒரே தடவையில கூட்டிட்டார். "மேடம், இன்னைக்குக் குரல் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு"ன்னார். இவர் கதவோரமா நின்னு கேட்டுட்டு, 'நான் சொன்னேன்ல' பார்வை ஒண்ணு பாத்தார். கிளிப் அவர் கண்ணுக்குத் தெரியலை. நானும் காட்டலை.

ஒண்ணு மட்டும் யோசிக்காம விட்டுட்டேன். இயர்பட்ஸ் பின்னாடி வர்ற சத்தத்தை எல்லாம் அமுக்கிடும். இந்த வயர் எதையும் அமுக்காது. இவர் ஹால்ல வரிசையா ஆறு தும்மல் போட்டார். வகுப்பு முழுக்கக் கேட்டிருக்கு.

முடிக்கும்போது பெரியவர் மைக்கை ஆன் பண்ணினார். எஃப்ல சந்தேகமோன்னு பாத்தேன்.

"மேடம், அங்க தும்முறவருக்கு ரெண்டு வாரமாவே இப்படித்தானா? இன்னைக்குத்தான் எனக்குக் கேக்குது. ஆவி பிடிக்கச் சொல்லுங்க."

இவர் இப்போ தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஆவி பிடிச்சுக்கிட்டிருக்கார். நான் மூணு நாளா சொன்னது காதுல ஏறலை.