கதவைத் தட்டிவிட்டு

மார்ச் 3, டிக்கோயா

போன வருஷம் மகன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனைத் திறந்து பார்த்தேன். கிரிக்கெட், டியூசன் சாரைப் பற்றிய கேலி, அவ்வளவுதான். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரமே எனக்குத் தெரியாமல் இன்னொரு கணக்குத் திறந்துகொண்டான். பார்க்கப் போய், இருந்த பார்வையும் போச்சு.

இப்போது இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். அவன் செய்திகளை நான் வாசிக்க மாட்டேன். இரவு 10 மணிக்கு போன் குசினியில் சார்ஜில் இருக்க வேண்டும். ஆபத்து என்று பட்டால், சொல்லிவிட்டு அவன் முன்னாலேயே திறப்பேன். 15 வயதுப் பையன் இதற்கு ஒப்புக்கொண்டதே பெரிது.

மார்ச் 19

இரண்டு இரவாகக் குசினியில் போன் இல்லை. "படிக்கணும்மா" என்கிறான். சித்தியிடம் 5,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறான். போன் அதிர்ந்தால் முகம் வெளுக்கிறது. ரொட்டியும் சம்பலும் தட்டில் அப்படியே கிடக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் எல்லாப் பிள்ளைகளிடமும் உள்ளதுதான். எல்லாம் ஒரே வாரத்தில் வந்ததுதான் உறுத்தியது.

கதவைத் தட்டினேன். "உன் படம் ஏதும் யார்கிட்டயாவது மாட்டிக்கிச்சா தம்பி? நான் ஏசமாட்டேன், போனையும் பறிக்கமாட்டேன்." கொஞ்ச நேரம் சுவரையே பார்த்தான். அப்புறம் அழுதான்.

மார்ச் 20

ஒரு "பெண்", அவன் நண்பர்கள் சிலரைத் தன் கணக்கில் ஏற்கெனவே சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஆப்புக்குக் கூப்பிட்டு, தன் அந்தரங்கப் படத்தை முதலில் அனுப்பி, அவன் படத்தைக் கேட்டிருக்கிறாள். அனுப்பியதும் பேச்சே மாறியது: காசு போடு, இல்லாவிட்டால் உன் நண்பர்கள் எல்லோருக்கும் போகும்.

2,000 கொடுத்துவிட்டான். மறுநாள் 5,000 கேட்டார்கள். கொடுத்தால் விடமாட்டார்கள், கொடுப்பவன் என்று குறித்துக்கொள்வார்கள்.

போனை அவனே பிடித்துக்கொண்டான். மிரட்டல்கள், கணக்கின் பெயர், காசு கேட்ட நம்பர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். அந்தப் படத்தை மட்டும் எடுக்கவில்லை, நான் பார்க்கவும் இல்லை. பதில் ஒரு வரிகூடப் போடாமல், முறைப்பாடு செய்து பிளாக் பண்ணினோம். உரையாடலை அழிக்கவில்லை, அதுதான் சாட்சி.

பிறகு takeitdown.ncmec.org என்ற தளத்துக்குப் போனோம். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கானது, இலவசம். படம் போனைவிட்டு வெளியே போகாது. அதன் கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும் போகும். அதில் சேர்ந்துள்ள தளங்களில் அந்தப் படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்கலாம். பூட்டிய தனிச் செய்திகளில் போனால் பிடிக்காது. அதையும் அவனிடம் மறைக்காமல் சொன்னேன்.

1929க்கு எடுத்தோம், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். பேசியது அவன்தான்; நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 27

புதுக் கணக்கிலிருந்து இரண்டு மிரட்டல் வந்தது. பதில் போடவில்லை. நான்கு நாளாகச் சத்தமில்லை. போன் குசினிக்குத் திரும்பிவிட்டது, ஸ்கிரீன் லாக் மாற்றியிருக்கிறான் போல. கேட்கவில்லை.

அப்பா ஞாயிறு கொழும்பிலிருந்து வருகிறார். "நானே சொல்றேன், நீங்க சொல்லிடாதீங்க" என்கிறான். சரி என்றேன்.