கூட்டலும் சரி, பெருக்கலும் சரி, ஆனால் விடை தப்பு: ஐகன் மதிப்பைச் சரிபார்த்த அனுபவம்

ஐகன் மதிப்புகளின் கூட்டல் அணியின் சுவடு, அதாவது முதன்மை மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல். பெருக்கல் அணிக்கோவை. இந்த இரண்டையும் வைத்து விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். ஆனால் இந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைத் தப்பவிடும் என்பது நாம் கணக்கைப் போட்ட வழியைப் பொறுத்தது. கீழே உள்ள அணி அதைப் பளிச்சென்று காட்டிவிடும்.

```
A =  4   1   2
    -2   5   2
     2   4   7
```

சுவடு 4 + 5 + 7 = 16. அணிக்கோவையை முதல் வரிசை வழியாக விரித்தால் 4(35 − 8) − 1(−14 − 4) + 2(−8 − 10) = 108 + 18 − 36 = 90. கணக்கைத் தொடங்கும் முன்பே இந்த இரண்டு எண்களையும் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிடுவது நல்லது. விடை வந்த பிறகு எழுதினால், கை தன்னையறியாமல் விடைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும்.

பலரும் போடும் வழி, சிறப்பியல்புச் சமன்பாட்டை λ³ − S1λ² + S2λ − S3 = 0 என்று நேரடியாக எழுதுவது. S1 சுவடு, S3 அணிக்கோவை. S2 என்பது மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று 2×2 அணிக்கோவைகளின் கூட்டல். நம் அணியில் முதலாவது 4×5 − 1×(−2) = 22. மற்ற இரண்டும் 28 − 4 = 24, 35 − 8 = 27. ஆக S2 = 73. சமன்பாடு λ³ − 16λ² + 73λ − 90 = 0; அதன் மூலங்கள் 2, 5, 9. கூட்டினால் 16, பெருக்கினால் 90.

இப்போது ஒரு சின்ன சறுக்கல். முதல் 2×2 அணிக்கோவையில் −2-இன் குறியைக் கவனிக்காமல் 20 − 2 = 18 என்று எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். S2 = 69 ஆகிவிடும். λ³ − 16λ² + 69λ − 90 = 0 என்பதைக் காரணிப்படுத்தினால் (λ − 3)²(λ − 10). மூலங்கள் 3, 3, 10. எல்லாம் முழு எண்கள், சந்தேகப்படவே தோன்றாது. கூட்டிப் பாருங்கள்: 16. பெருக்கிப் பாருங்கள்: 90. இரண்டு சோதனையிலும் பாஸ், விடையோ முழுக்கத் தப்பு!

காரணம் எளிது. சமன்பாட்டில் 16-ஐயும் 90-ஐயும் போட்டதே நாம்தான். S2 என்னவாக இருந்தாலும் அந்த முப்படிச் சமன்பாட்டின் மூலங்கள் கூட்டினால் 16-தான் வரும், பெருக்கினால் 90-தான் வரும். இந்த வழியில் போட்டவருக்கு அந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: காரணிப்படுத்தலில் பிசகு இருந்திருந்தால் பெரும்பாலும் மாட்டியிருக்கும். S2 பற்றி அது வாயே திறக்காது. மாறாக, |A − λI|-ஐ முழுதாக விரித்துச் சமன்பாட்டை எடுத்தவருக்கு அதே சோதனை உண்மையான சோதனை. அங்கே சுவடும் அணிக்கோவையும் தனியாகக் கணக்கிடப்பட்டவை. அப்போதும் நடுக் கெழு மட்டும் பிசகினால் தப்பிவிடும்.

S2-ஐப் பார்க்க ஐகன் மதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டலாம். அது A²-இன் சுவடுக்குச் சமம். A²-ஐ முழுதாகப் பெருக்க வேண்டாம். மூலைவிட்ட உறுப்புகளின் வர்க்கங்கள் 16 + 25 + 49 = 90; அதோடு எதிரெதிர் உறுப்புகளின் பெருக்கல்களைக் கூட்டி இரட்டிப்பாக்கிச் சேர்த்தால் 90 + 2(−2 + 4 + 8) = 110. 2, 5, 9 எடுத்தால் 4 + 25 + 81 = 110, பொருந்துகிறது. 3, 3, 10 எடுத்தால் 118. ஆனால் இங்கும் அதே −2 வருகிறது. அதே குறியை மறுபடி கோட்டைவிட்டால் 90 + 2(2 + 4 + 8) = 118 என்று வந்து, தப்பான விடைக்கே சாட்சி சொல்லும்.

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை, ஒரு மதிப்பை அணியிலேயே போட்டுப் பார்ப்பதில்தான். மூலைவிட்டத்தில் 3-ஐக் கழித்தால் வரிசைகள் (1, 1, 2), (−2, 2, 2), (2, 4, 4). இதன் அணிக்கோவை 1(8 − 8) − 1(−8 − 4) + 2(−8 − 4) = −12. பூஜ்ஜியம் வரவில்லை, எனவே 3 ஐகன் மதிப்பே அல்ல. ஐகன் திசையனைக் கண்டுபிடிக்க எப்படியும் இந்த அணியை எழுதத்தான் போகிறோம், ஆகவே இது கூடுதல் வேலையும் இல்லை. வரிசைகளைக் குறைக்கும்போது x = y = z = 0 தவிர வேறு தீர்வு வரவில்லை என்றால், திசையனில் தவறு தேடாமல் S2-க்குத் திரும்புங்கள்.

இரண்டு மதிப்புகள் தெரிந்து, மூன்றாவதை 16 − 2 − 5 = 9 என்று எடுப்பவர்களும் உண்டு. அப்படி எடுத்தபின் கூட்டல் சோதனைக்கு அர்த்தம் இல்லை; 2 × 5 × 9 = 90 என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2×2 அணியில் மட்டும் இந்தக் கவலை குறைவு. அங்கே நடுவில் வேறு கெழுவே இல்லாததால், சுவடும் அணிக்கோவையும் சரியாக இருந்து, இரண்டு மதிப்புகளும் அவற்றோடு பொருந்தினால் விடை அதுதான். 2 + i, 2 − i போன்ற கலப்பெண்கள் வந்தாலும் கூட்டல் 4, பெருக்கல் 5 என்று அதே சோதனை செல்லும்.