நாமம் கேட்டாள், நாமம் கெட்டாள்

பிப்ரவரி 3

பிரதோஷத்துக்குப் போன கோயிலில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். அப்பர் சுவாமிகள் திருவாரூரை நினைந்து பாடிய திருத்தாண்டகத்தில் ஒரு பாட்டு, ஆறாம் திருமுறை. சின்ன வயதிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்த பாட்டுதான். உட்கார்ந்து எழுத்தாகப் படித்ததில்லை. ராத்திரி சாப்பிட்டுவிட்டு நோட்டில் பார்த்து எழுதினேன், தாளில் உள்ளபடியே:

முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்
மூர்த்தி அவனிருக்கும் வண்ணம் கேட்டாள்
பின்னை அவனுடைய ஆரூர் கேட்டாள்
பெயர்த்தும் அவனுக்கே பிச்சி யானாள்
அன்னையையும் அத்தனையும் அன்றே நீத்தாள்
அகன்றாள் அகலிடத்தார் ஆசாரத்தைத்
தன்னை மறந்தாள்தன் நாமம் கேட்டாள்
தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே

ஏழாவது வரியில் பேனா நின்றுவிட்டது. தன்னையே மறந்தவள் தன் பெயரை யாரிடம் கேட்பாள்? பக்கத்தில் படுத்திருந்த அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணைத் திறக்காமலே, "கெட்டாள்டி. கேட்டாள் இல்ல" என்றாள்.

பிப்ரவரி 4

அம்மா சொன்னதுதான் சரி. தாளில் இருப்பது அச்சுப்பிழை. ஆனால் அது சாதாரணப் பிழையாக எனக்குப் படவில்லை.

ஓலைச்சுவடியில் இந்த இரண்டு சொல்லுக்கும் எழுத்தில் வித்தியாசமே கிடையாது. எகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று தொல்காப்பியம் சொன்னாலும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. மேலே சுழித்த இரட்டைக் கொம்பு 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்தது என்பார்கள். அதற்கு முன் கெட்டாளுக்கும் கேட்டாளுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான். படிக்கிறவர்தான் குறிலா நெடிலா என்று முடிவு செய்யவேண்டும்.

யாப்பு காட்டிக்கொடுக்குமா என்று அலகிட்டுப் பார்த்தேன். கேட்/டாள், நேர் நேர். கெட்/டாள், அதுவும் நேர் நேர். ஒற்றடுத்த குறிலும் நேரசைதானே. இரண்டுமே தேமா. எதுகையும் உதவவில்லை, அது முன்னம், பின்னை, அன்னை, தன்னை என்று தலையிலேயே முடிந்துவிடுகிறது. ஆக, பொருள் ஒன்றுதான் சாட்சி. அதோடு, தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தவர்களின் வாய். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொன்னது அந்தச் சாட்சியைத்தான்.

பிப்ரவரி 7

மூன்று நாளாக 'கேட்டாள்' என்ற சொல்லே மனசில் ஓடுகிறது. பெயரைக் கேட்டாள் என்றால் யாரோ சொல்லக் காதில் வாங்கினாளா, அல்லது "அவர் பேர் என்ன?" என்று தானே விசாரித்தாளா? தமிழில் இரண்டும் ஒரே சொல். எனக்கு, முதல் வரியில் தற்செயலாகக் காதில் விழுந்தது போலவும், இரண்டாவதில் அவளே கேட்கத் தொடங்கிவிட்டது போலவும், மூன்றாவதில் ஊரைக் கேட்கும்போது கிளம்பவே தயாராகிவிட்டது போலவும் இருக்கிறது. மூன்று இடத்திலும் சொல் மாறவில்லை. அவள்தான் மாறிக்கொண்டே போகிறாள்.

நாலாவதில் பிச்சி. பித்துப் பிடித்தவள். அதன் பிறகு கேள்வியே இல்லை.

பிப்ரவரி 8

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என்று சித்தாந்தத்தில் ஞானத்துக்கு நான்கு படி சொல்வார்கள். இந்தப் பாட்டை அந்தப் படிகளில் ஏற்றி வைக்கலாம்தான். எனக்கு ஒட்டவில்லை. இவள் எங்கே சிந்தித்தாள்? கேட்டாள், பித்தானாள், அன்றே வீட்டை விட்டாள். 'அன்றே' என்ற சொல்லுக்கு நடுவில் யோசிக்க இடமில்லை. அவளை மாணவியாக்கிவிட்டால் காதலி போய்விடுகிறாள். காதலி போய்விட்டால் உயிரின் தவிப்பும் கூடவே போய்விடும்.

பிப்ரவரி 11

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது யார்? பாடியவர் அப்பர். ஆனால் அவர் தன்னைத் தலைவியாக வைத்து 'நான்' என்று பாடவில்லை. 'அவள்' என்கிறார். யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்கிறாள். தாய் கூற்றாக இருக்குமோ என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பெத்தவ சொல்றதா இருந்தா 'என்னையும் விட்டுட்டுப் போயிட்டா'ன்னுதானே சொல்லியிருப்பா? 'அன்னையையும்'னு எதுக்கு மூணாம் மனுஷி மாதிரி சொல்றா?"

சரிதான். அப்படியென்றால் தோழியோ, செவிலியோ. அம்மா தோழி பக்கம். முதல்முதலில் பெயரைக் கேட்டது தோழியிடமாகத்தான் இருக்கும், அதனால்தான் அவளுக்கு வரிசை தப்பாமல் தெரிந்திருக்கிறது என்கிறாள். இதைப் பாட்டிலிருந்து நிரூபிக்க முடியாது. ஆனாலும் நான் இனி அப்படித்தான் படிப்பேன்.

பிப்ரவரி 15

இன்றைக்குத்தான் பிடிபட்டது. எழுதும்போது கை நடுங்கியது.

அகப்பாட்டுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். தலைவன், தலைவி யாருக்கும் இன்னார் என்று பெயர் சொல்லக்கூடாது. சொன்னால் அது அகம் ஆகாது, புறத்துக்குப் போய்விடும். கடவுள்மேல் வைத்த காமத்தைக்கூடத் தொல்காப்பியர் புறத்திணையியலில், பாடாண் திணையில்தான் வைக்கிறார்.

இந்தப் பாட்டோ பெயரில்தான் தொடங்குகிறது. 'நாமம் கேட்டாள்'. அந்த நாமம் என்ன? திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன், எட்டு வரியிலும் இல்லை. சிவன் என்று இல்லை, ஈசன் என்று இல்லை. மூர்த்தி, தலைவன், அவ்வளவுதான். அவளுக்கும் நங்கை என்பதைத் தவிரப் பெயரில்லை. பாட்டில் இருக்கும் ஒரே ஊர்ப்பெயர், ஒரே இயற்பெயர், ஆரூர். பெயரைப் பற்றியே ஒரு பாட்டைப் பாடி, பெயரைச் சொல்லாமலே விட்டிருக்கிறார். பழைய அகப்பாட்டின் தலைவிக்குப் பெயரில்லாதது இலக்கண விதியால். இவளுக்கு இல்லாமல் போனது காதலால். ஏழாவது வரிக்கு வரும்போது விதியே அவள் கதையாகிவிடுகிறது.

அவன் பெயர் உள்ளே வந்தது, அவள் பெயர் அழிந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு மாத்திரைதான் குறைகிறது.

பிப்ரவரி 16

அழிந்தது என்று நேற்று எழுதிவிட்டேன். அவளே இல்லாமல் போய்விட்டாளா என்று காலையிலிருந்து உறுத்தல். இல்லை. கெட்டது நாமம்தான். அடுத்த வரியில் 'தலைப்பட்டாள் நங்கை' என்று எழுவாயாக நிற்கிறாளே. சேர்ந்ததற்குப் பிறகும் சேர்ந்தவள் இருக்கிறாள்.

கடைசி வரியில் தலையும் இருக்கிறது, தாளும் இருக்கிறது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் 'தாடலைபோல்' என்று இந்தக் கூடலுக்கு உவமை சொல்வார். தாள், தலை இரண்டும் புணர்ந்தால் தாடலை. ளகரமும் தகரமும் சேர்ந்து டகரமாகிவிடும். சொல் ஒன்றுதான், ஆனால் உள்ளே தாளும் இருக்கிறது, தலையும் இருக்கிறது. அவர் அப்பருக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்தவர். இந்த வரி அவர் காதில் இருந்திருக்குமோ என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பிப்ரவரி 18

அடுத்த பிரதோஷம். ஓதுவாரிடம் இந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டோம். திருத்தாண்டகம் வழக்கமாக அரிகாம்போதியில், தாளமில்லாமல்தான். முதல் 'கேட்டா...ள்' நீண்டுகொண்டே போனது. இரண்டாவது அதைவிட நீளம். மூன்றாவதில் ஆரூரைப் பிடித்துக்கொண்டு விடவே மனசில்லாதவர் மாதிரி நின்றார். 'தன் நாமம்' என்று வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, 'கெட்டாள்' என்று டக்கென்று வைத்தார். அம்மா என் முழங்கையை அழுத்தினாள்.

வெளியே வரும்போது அதே தாள் இன்னும் ஒரு கட்டு மேஜைமேல் இருந்தது. கேட்டு வாங்கி, தூணடியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் ஏழாவது வரியில் கொம்பின் சுழியைப் பேனாவால் அடித்தேன். அம்மா ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.