தென்னை வரப்பை வைத்து உயரம் முடிவு செய்தது: ட்ரோனில் வயல் வரைபடம்

பட்டுக்கோட்டை பக்கம் சித்தப்பாவுக்குப் பதினைந்து மா நிலம் இருக்கிறது. ஏக்கர் கணக்கில் 5. நீளம் ஏறக்குறைய 200 மீட்டர், அகலம் 100 மீட்டர், முழுக்க சம்பா நெல். வடக்கு வரப்பு நெடுக 15 மீட்டர் உயரத்துக்குத் தென்னை. பயிர் எங்கெங்கே திட்டுத் திட்டாக மஞ்சளடித்திருக்கிறது என்பதை மேலிருந்து ஒரே படமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ட்ரோன், நண்பரிடமிருந்து கைமாறி வந்த பழைய ஃபாண்டம் 4 ப்ரோ. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம். அங்கே 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதி கேட்காமல் பறக்கலாம்.

ஒரே படம் என்று சொன்னாலும் ட்ரோன் ஒரு படம் எடுத்துக்கொண்டு இறங்குவதில்லை. ஏர் ஓட்டுவது போல வயலின் ஒரு கோடிக்குப் போய், கொஞ்சம் தள்ளித் திரும்பி, கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தபடி வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். அப்புறம் வெப்ஓடிஎம் மாதிரி ஒரு மென்பொருள், அடுத்தடுத்த படங்களில் ஒரே புள்ளியைத் தேடிப் பிடிக்கும். அந்தப் புள்ளி படத்துக்குப் படம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து அதன் உயரத்தைக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து, நேர் மேலிருந்து பார்த்தது போன்ற ஒரே படமாக, அதாவது ஆர்த்தோமொசைக் ஆக்கும். ஆகவே தரையின் ஒவ்வொரு இடமும் பல படங்களில் விழுந்தே ஆக வேண்டும். உயரத்தையும், ஒரு படம் அடுத்ததன்மேல் எவ்வளவு விழ வேண்டும் என்கிற ஓவர்லேப்பையும் பார்ப்பது இதற்காகத்தான்.

இந்தக் கேமராவில் கணக்குப் போடுவது சுலபம். சென்சார் 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம், குவியத் தூரமும் 8.8 மி.மீ. அதனால் எவ்வளவு உயரத்தில் பறக்கிறதோ, தரையில் அவ்வளவு நீளமும் அதைப் போல ஒன்றரை மடங்கு அகலமும் ஒரு படத்துக்குள் வந்துவிடும். 60 மீட்டரில் 90 × 60 மீட்டர். ஒரு பிக்சலுக்குத் தரையில் எத்தனை சென்டிமீட்டர் என்பதை, பறப்பைத் திட்டமிடும் செயலியின் திரையில் GSD என்று காட்டும். அது இப்படி வருகிறது:

```
GSD = உயரம் × பிக்சல் அளவு ÷ குவியத் தூரம்
60 m × 0.00241 mm ÷ 8.8 mm = 1.64 cm
```

ஓவர்லேப்பை முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டில் 70 சதவீதம் என்று வைத்தேன். 60 மீட்டர் நீளப் படத்தில் 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். 90 மீட்டர் அகலத்தில் 70 சதவீதம் என்றால் பறப்புக் கோடுகளுக்கு நடுவே 27 மீட்டர் இடைவெளி. இப்படிப் பறந்தால் ஓர் இடம் சராசரியாக 17 படங்களில் விழும். செயலியில் சதவீதத்தைக் கொடுத்தால் போதும், மீட்டர் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் எந்த மட்டத்துக்கு அந்தக் கணக்கைப் போடுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அதைப் பார்க்கத்தான் அதே ஓவர்லேப்பில் ஒரே வயலை 30 மீட்டரிலும் 60 மீட்டரிலும் பறக்கவிட்டேன். தாழப் பறந்தால் படம் தெளிவாக இருக்கும் என்பது யாருக்கும் தோன்றும். 30 மீட்டரில் ஒரு பிக்சல் 0.8 செ.மீ. மட்டுமே, நாற்றுக் குத்துகளை எண்ணிவிடலாம் போல இருந்தது. ஆனால் வடக்கு வரப்புக்கு வந்தால் எல்லாம் குளறுபடி. ஒரே மரத்துக்கு இரண்டு கொண்டை, மட்டைகள் பாதியில் அறுந்து தொங்குகின்றன, ஒட்டியிருந்த நெல் வரிசை அலையலையாக நெளிகிறது. சித்தப்பா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா, நம்ம மரமெல்லாம் மெழுகுவத்தி மாதிரி உருகிக் கிடக்கு?" என்றார். 60 மீட்டர் படத்தில் மரங்கள் ஓரளவு மரங்களாகவே இருந்தன.

காரணம் இதுதான். செயலி ஓவர்லேப்பைத் தரை மட்டத்துக்குக் கணக்கிடுகிறது. 30 மீட்டரில் பறக்கும் ட்ரோனுக்கும் 15 மீட்டர் தென்னையின் கொண்டைக்கும் நடுவே இருப்பது வெறும் 15 மீட்டர். அந்த மட்டத்தில் ஒரு படம் பிடிப்பது 22.5 × 15 மீட்டர்தான். கோடுகளோ தரைக்கென்று போட்ட 13.5 மீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. ஆக, கொண்டை மட்டத்தில் பக்கவாட்டு ஓவர்லேப் 70 அல்ல, 40 சதவீதம். முன்பின் 80 அல்ல, 60. தரையில் ஓர் இடம் 17 படங்களில் விழும்போது கொண்டை நாலே படங்களில் விழுகிறது. அந்த நாலுக்குள்ளும் காற்றில் மட்டை ஆடியிருந்தால் மென்பொருளால் பொருத்த முடியாது. 60 மீட்டரில் கொண்டைக்கு மேல் 45 மீட்டர் மிச்சம் இருக்கிறது. பக்கவாட்டில் 60, முன்பின் 73 சதவீதம் கிடைக்கிறது, ஒன்பது படங்களில் விழுகிறது. மரம், வீடு, வைக்கோற்போர் எதுவாக இருந்தாலும் இதே கணக்குதான். பறக்கும் உயரத்தில் பாதியைத் தொடுகிற பொருள் வயலோரம் இருந்தால் செயலி காட்டும் சதவீதத்தை நம்பக் கூடாது.

30 மீட்டரில் இன்னொரு தொந்தரவும் இருந்தது. வயலின் நடுவே எடுத்த படங்களில் வரப்பே தெரியாது, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே பச்சை. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாமல் மென்பொருள் சில படங்களைத் தள்ளிவிட்டது. வெப்ஓடிஎம் அறிக்கையில் எத்தனை படங்களுக்கு எத்தனை சேர்ந்தன என்று ஒரு வரி இருக்கும், முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்து ஓவர்லேப் வண்ணப்படம். ஐந்து படங்களுக்குக் குறைவாகக் கிடைத்த இடங்கள் அதில் தனி நிறத்தில் தெரியும். எனக்கு அவை வடக்கு வரப்பிலும் வயலின் ஓரங்களிலும் வந்திருந்தன. ஓரத்துக்கு வைத்தியம் எளிது: எல்லைக்கு வெளியே பக்கத்துக்கு ஒரு கோடு கூட ஓட்டினால் போதும்.

மஞ்சள் திட்டைப் பார்க்க 0.8 செ.மீ. எதற்கு? குத்துக்குக் குத்து 20 செ.மீ. இடைவெளி. 2 செ.மீ. பிக்சலே தாராளம். அதனால் 80 மீட்டர் என்று முடிவு செய்து, பக்கவாட்டு ஓவர்லேப்பை 75 ஆக்கினேன். கோட்டு இடைவெளி 30 மீட்டர், 16 மீட்டருக்கு ஒரு படம், பிக்சல் 2.2 செ.மீ. கொண்டை மட்டத்தில்கூட பக்கவாட்டில் 69, முன்பின் 75 சதவீதம் நிற்கிறது. 30 மீட்டரில் ஒரு பேட்டரியைக் கிட்டத்தட்டத் தின்ற வேலை இதில் சில நிமிடங்களில் முடிந்தது. அங்கே 6 மீட்டருக்கு ஒரு படம். கேமரா இரண்டு வினாடிக்கு ஒன்றுதான் எடுக்கும் என்பதால் வினாடிக்கு 3 மீட்டருக்கு மேல் போக வழியில்லை.

எந்த வேளையில் பறப்பது என்பதையும் கேமராதான் முடிவு செய்கிறது. குத்துகளுக்கு நடுவே தண்ணீர் தெரியும் பருவத்தில், சூரியன் 48 பாகைக்கு மேல் ஏறினால் அதன் பிம்பம் படத்தின் மூலைக்குள் வரத் தொடங்கும். உச்சிப்பொழுதில் நிழல் குறைவு என்று போனால் வெள்ளைப் பொட்டுகள்தான் மிச்சம். காலை 9 மணிவாக்கில் பறக்கவிட்டதில் அது வரவில்லை.

80 மீட்டர் படத்தில் தெற்கு மடைக்கு எதிர்ப்புறம் ஒரு மஞ்சள் திட்டு தெளிவாக விழுந்திருக்கிறது. தென்னை நிமிர்ந்து நிற்கிறது, மட்டை நுனிகள் மட்டும் இன்னும் கலங்கல். காற்று இருக்கும்வரை எந்த உயரத்திலும் அது முழுக்கப் போகாது. கதிர் வரும்போது மறுபடி எடுத்து இந்தப் படத்தோடு ஒப்பிட வேண்டும். இந்த ட்ரோனின் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் இரண்டு படங்களும் தாமாக ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. படங்களைப் பொருத்த அடையாளமாக, நான்கு மூலை வரப்பிலும் நடு வரப்பிலும் செங்கல் பதித்துச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போடச் சொல்லியிருக்கிறேன்.